உஷார்! ‘கஸ்டமர் கேர் நம்பர்’ டைட்டிலில் இருந்தால் உடனே மாற்றுங்கள்

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி ரிப்பேர் கடை நடத்துகிறீர்கள். கடைக்கு ஆள் வரட்டும் என்று யூடியூபில் ஒரு சேனலும் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து உங்கள் வீடியோக்களின் டைட்டிலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். கீழே இருப்பதுபோல் ஒன்று கண்ணில் பட்டால் நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

```
[பிராண்ட்] Washing Machine Customer Care Number Chennai | [பிராண்ட்] Service Center Near Me | All Error 100% Solution
```

பிராண்டின் பெயரை நான் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எந்தப் பெரிய கம்பெனியின் பெயரையும் போட்டுப் பார்க்கலாம். தமிழில் ரிப்பேர் வீடியோ போடும் சின்னக் கடைகளில் பல இப்படித்தான் டைட்டில் வைக்கின்றன. வைப்பவர் பெரும்பாலும் கடைக்காரர் இல்லை. ‘சேனலை நம்பர் ஒன் ஆக்கித் தருகிறேன்’ என்று மாதக் காசு வாங்கும் ஏஜென்ட்தான் வைக்கிறார். வேலை தெரிந்த, நேர்மையான மெக்கானிக்குகள் இதனால் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த அவசரம்.

இந்த டைட்டில் யாரைக் கூட்டி வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பிராண்டின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறவருக்கு வீடியோ பார்க்கும் எண்ணமே கிடையாது. அவருக்கு அந்தக் கம்பெனியின் நம்பர் வேண்டும். மெஷின் வாரண்டியில் இருக்கும், அல்லது கம்பெனி ஆள்தான் வர வேண்டும் என்று நினைப்பார். உங்கள் வீடியோவுக்குக் கீழே இருக்கும் நம்பரைக் கம்பெனி நம்பர் என்று நம்பித்தான் அழைக்கிறார். நீங்கள் எடுத்து ‘சொல்லுங்க சார்’ என்று சொன்ன அந்த நொடியிலேயே ஒரு பொய் நடந்து முடிந்துவிட்டது, நீங்கள் வாயைத் திறந்து பொய் சொல்லாவிட்டாலும்.

இதே தேடலைத்தான் மோசடிக் கும்பல்களும் குறிவைக்கின்றன. போலிக் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் அங்கங்கே விதைத்து வைப்பார்கள். அழைக்கிறவரிடம் ‘பத்து ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம்’ என்று லிங்க் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் போன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப்பை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். இப்படி ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கும்போது, அன்றைக்கு அவர் முயற்சி செய்த எல்லா நம்பரையும் சொல்வார். அதில் உங்கள் நம்பரும் இருக்கலாம். நீங்கள் ஒரு ரூபாய் கூட வாங்காமல் இருக்கலாம். ஆனால் கம்பெனியின் கஸ்டமர் கேர் என்று எழுதி அதன் கீழே உங்கள் நம்பரைப் போட்டது நீங்கள்தானே? விசாரிக்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்குக்கு இதில் பாதி நடந்தது. ஏஜென்ட் ஒருவர் பழைய வீடியோக்கள் எல்லாவற்றின் டைட்டிலையும் ஒரே வாரத்தில் மாற்றினார். போன் விடாமல் அடித்தது. கடைக்காரருக்கு முதலில் சந்தோஷம்தான். அழைத்தவர்களோ, “நேத்தே கம்ப்ளெயின்ட் போட்டேன், ஆள் ஏன் வரல?”, “வாரண்டில இருக்கு, காசு எதுக்குக் கேக்குறீங்க?” என்று சண்டை பிடித்தார்கள். சேலத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அழைத்தார்கள். அவருடைய பையன்கள் போய் வரக்கூடிய தூரத்திலிருந்து வந்த அழைப்பு பழையபடி சொற்பம்தான். அதற்குப் பிறகு கம்பெனியின் டிரேட்மார்க் புகார் வந்தது, சில வீடியோக்கள் போயின. போனவற்றில் அவர் உண்மையிலேயே நன்றாக எடுத்த டிரெயின் பம்ப் வீடியோவும் ஒன்று.

‘பிராண்ட் பெயரைச் சொல்லாமல் ரிப்பேர் வீடியோ எப்படிப் போடுவது?’ என்று கேட்பீர்கள். சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். எல்லை எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தில் 29ஆம் பிரிவு அடுத்தவர் பெயரைத் தன் தொழிலுக்குக் குழப்பம் வரும்படி பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அடுத்த பிரிவான 30, நேர்மையான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. ‘எல்ஜி மெஷினில் இந்தக் கோளாறு’ என்று சொல்லும்போது நீங்கள் மெஷினை அடையாளம் காட்டுகிறீர்கள். ‘எல்ஜி சர்வீஸ் சென்டர்’ என்று சொல்லும்போது உங்கள் கடையையே எல்ஜி ஆக்கிவிடுகிறீர்கள். பிராண்ட் பெயர் மெஷினோடு ஒட்டி நிற்க வேண்டும். சென்டர், கேர், ஹெல்ப்லைன், அதரைஸ்டு, அஃபிஷியல் என்ற சொற்களோடு ஒட்டக் கூடாது. கம்பெனி லோகோவைத் தம்ப்நெயிலின் மூலையில் பெரிதாகப் போடுவதும் இதே தப்புதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘தவறாக வழிநடத்தும் விளம்பரம்’ என்று சொல்லும்போது பொருளோடு சேவையையும் சேர்த்தே சொல்கிறது. கடைக்கு ஆள் பிடிக்கப் போடும் வீடியோ விளம்பரம் இல்லை என்று வாதாட முடியாது.

யூடியூபின் கையும் சும்மா இருக்காது. டைட்டில், டிஸ்கிரிப்ஷன், தம்ப்நெயில் மூன்றிலும் வீடியோவில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அவர்கள் ஸ்பேம் கொள்கைப்படி மீறல். முதல் தடவை பொதுவாக ஒரு எச்சரிக்கையோடு விடுவார்கள். அதற்குப் பிறகு ஸ்டிரைக். முதல் ஸ்டிரைக்கில் ஒரு வாரம் எதையும் ஏற்ற முடியாது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். 2024 டிசம்பரில் கூகுள் இந்தியா, வீடியோவில் இல்லாததை டைட்டிலிலும் தம்ப்நெயிலிலும் வாக்குக் கொடுக்கும் மோசமான கிளிக்பெய்ட் மீது நடவடிக்கையை இறுக்கப்போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் முதல் குறி செய்தி வீடியோக்கள்தான். ஆனால் ‘ஆல் எரர் 100% சொல்யூஷன்’ என்று எழுதி ஒரே ஒரு மெஷினின் ஃபில்டரைக் காட்டும் வீடியோ எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஆபத்தை எடுத்தும் அந்த டைட்டில் தேடலில் மேலே நிற்கிறதா என்றால், நிற்பதில்லை. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த யூடியூப் தானே சொல்லும் மூன்று அளவுகோல்கள் பொருத்தம், பார்வையாளரின் ஈடுபாடு, தரம். நம்பர் தேடி வந்தவர் நம்பரைப் பார்த்ததும் போய்விடுவார், அல்லது பத்தாவது நொடியில் ‘இது கம்பெனி இல்லையே’ என்று மூடுவார். ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸைத் திறந்து, ஆடியன்ஸ் ரிடென்ஷன் கோட்டைப் பாருங்கள். முதல் அரை நிமிடத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்திருந்தால், டைட்டில் ஒருவரை அழைத்து வீடியோ வேறொருவருக்குப் பேசியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சரிவைப் பார்த்தபின் யூடியூப் அதே தேடலுக்கு உங்களை மறுபடி மறுபடி காட்டுவதற்குக் காரணமே இல்லை.

அப்படியானால் எதைத் தேடுகிறவருக்காக எழுதுவது? இந்த இடத்தில் நல்ல மெக்கானிக்குகள்கூடத் தவறிவிடுகிறார்கள். அவர்கள் விடையை டைட்டிலாக வைக்கிறார்கள். ‘டிரெயின் பம்ப் ஜாம்’, ‘பிசிபி ரிலே ஃபெயிலியர்’, ‘இன்லெட் வால்வ் ரீப்ளேஸ்மென்ட்’ எல்லாம் மெஷினைத் திறந்து பார்த்த பிறகு தெரியும் விஷயங்கள். வீட்டில் ஈரத்துணியோடு மெஷின் முன்னால் நிற்கிற அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, கண்ணால் பார்ப்பது: தண்ணி போகவில்லை, டிரம் சுத்தவில்லை, கதவு திறக்கவில்லை. இன்னொன்று, டிஸ்பிளேயில் மின்னும் எழுத்து. அந்த இரண்டையும்தான் அவர் தட்டச்சு செய்வார், அல்லது மைக்கை அழுத்திச் சொல்வார்.

அந்தச் சொற்கள் உங்கள் கடையிலேயே கொட்டிக் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பைத் திறந்து வாடிக்கையாளர்கள் முதலில் அனுப்பிய ஒரு வரியை மட்டும் படியுங்கள். ‘அண்ணா மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது’, ‘fridge la cooling illa, light mattum eriyudhu’ என்று இருக்கும். அதுதான் தேடல் மொழி. பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், சிலர் ஆங்கிலத்தில் அடித்துக் கடைசியில் ‘tamil’ என்று சேர்க்கிறார்கள், சிலர் தமிழ் எழுத்திலேயே தேடுகிறார்கள். இதைச் சரிபார்க்க யூடியூப் தேடல் பெட்டியில் முதல் இரண்டு சொல்லை மட்டும் அடித்து நிறுத்துங்கள், கீழே வரும் பரிந்துரைகள் மக்கள் அடிக்கும் வாக்கியங்கள். உங்கள் கணக்கில் லாக்இன் ஆகாமல் பார்ப்பது நல்லது, இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே முன்னால் வந்து நிற்கும். சேனலுக்குக் கொஞ்சம் வயதாகியிருந்தால் அனலிடிக்ஸில் டிராஃபிக் சோர்ஸ் பகுதியில் ‘யூடியூப் சர்ச்’ என்பதைத் தொடுங்கள். எந்தச் சொல்லை அடித்து உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலே அங்கே இருக்கிறது. ஏஜென்ட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் பலர் தப்பித்திருப்பார்கள்.

இப்போது ஒரு வீடியோவை எடுத்து முழுதாக எழுதிப் பார்ப்போம். எல்ஜி ஃப்ரண்ட் லோட் மெஷின். ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, டிஸ்பிளேயில் OE என்று காட்டுகிறது. தண்ணீர் வெளியேறவில்லை என்பதுதான் அதன் பொருள். கீழே மூலையில் இருக்கும் ஃபில்டரில் நாணயம், ஹேர்பின், நூல்கட்டி அடைத்திருக்கலாம். டிரெயின் ஹோஸ் மடங்கியிருக்கலாம், அல்லது அளவுக்கு மேல் உயரத்தில் மாட்டியிருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால் பம்ப்பைப் பார்க்க வேண்டும். வீடியோவில் நீங்கள் காட்டுவது ஃபில்டர் சுத்தம் செய்வது. டைட்டில் இப்படி இருக்கலாம்:

```
LG Washing Machine OE Error: தண்ணி வெளியே போகலையா? | Front Load
```

முதலில் பிராண்ட், பொருள், எரர் கோடு. இவை மூன்றும் முன்னால் இருக்கக் காரணம், போன் திரையில் நீளமான டைட்டிலின் பின்பாதி வெட்டுப்பட்டுப் போகும். OE என்ற இரண்டு எழுத்தையும் மெஷினில் தெரிகிறபடியே எழுத வேண்டும். ‘error code’ என்று பொதுவாக எழுதினால் எந்தப் பயனும் இல்லை. பிராண்டை விட்டுவிட்டுக் கோடை மட்டும் போடுவதும் ஆபத்து. ஒரே கோளாறுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு எழுத்து. சாம்சங் மெஷினில் இதே தண்ணீர் வெளியேறாத கோளாறு 5E அல்லது 5C என்று வரும். இண்டக்ஷன் அடுப்பில் E1 என்று வந்தால் அது எந்தக் கம்பெனி அடுப்பு என்று தெரியாமல் பொருளே சொல்ல முடியாது. தவறான மெஷின்காரர் உங்கள் வீடியோவைப் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தால் அது உங்கள் டைட்டிலின் தப்பு.

இரண்டாவது பாதி, கண்ணால் பார்க்கும் அறிகுறி, பேச்சுத் தமிழில். ‘நீர் வெளியேற்றக் குறைபாடு’ என்று யாரும் தேடுவதில்லை. கடைசியில் ஃப்ரண்ட் லோட் என்று போட்டது டாப் லோட் வைத்திருப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப. அந்த ஃபில்டர் அவர் மெஷினில் அந்த இடத்தில் இருக்காது. வந்து ஏமாந்து போவதைவிட வராமல் இருப்பது அவருக்கும் நல்லது, உங்கள் ரிடென்ஷன் கோட்டுக்கும் நல்லது.

யூடியூப் ஒரு டைட்டிலுக்கு 100 எழுத்து இடம் தருகிறது. தமிழில் எழுதும்போது அந்தக் கணக்கு ஏமாற்றும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘வாஷிங் மெஷின்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் இடைவெளியோடு 13. மேலே எழுதிய டைட்டில் 63தான் வருகிறது. மீதம் இருக்கிற இடத்தை நிரப்பியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த மீத இடத்தைப் பார்த்ததும்தான் ஏஜென்ட்டின் கை ‘நியர் மீ’ என்று எழுதப் போகிறது.

டிஸ்கிரிப்ஷனுக்கு வருவோம். இங்கே 5,000 எழுத்து வரை இடம் இருக்கிறது, அதனாலேயே இங்கே நடக்கும் அக்கிரமமும் அதிகம். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வேளச்சேரி, மேடவாக்கம் என்று சென்னையின் எல்லா ஏரியாவையும் வரிசையாக அடுக்கி, அதன் கீழே இருபது பிராண்ட் பெயரை அடுக்கி, அதன் கீழே டேக் எல்லாவற்றையும் மறுபடி ஒட்டி வைக்கிறார்கள். டிஸ்கிரிப்ஷனில் டேக்குகளைக் கொட்டுவது ஸ்பேம் என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தனியாக டேக் போடும் பெட்டி இருக்கிறது. அதுவும் தேடலில் பெரிதாக உதவாது, பெரும்பாலும் பெயரைத் தப்பாக எழுதித் தேடுகிறவர்களுக்குத்தான் பயன்படும் என்று அவர்களே சொல்கிறார்கள். ‘vashing machine’, ‘washing mechine’ போன்றவற்றை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நம் OE வீடியோவுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

```
LG front load வாஷிங் மெஷினில் OE காட்டி, தண்ணி டிரம்மிலேயே நிக்குதா? கீழே இருக்கும் drain filter-ஐத் திறந்து சுத்தம் பண்ணும் முறை இந்த வீடியோவில்.
நாங்கள் தாம்பரத்தில் இருக்கும் தனியார் ரிப்பேர் கடை. LG கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்ல. வாரண்டி இருந்தால் முதலில் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

பிளக்கைக் கழற்றிய பிறகே தொடங்குங்கள். சுடுதண்ணி வாஷ் ஓடியிருந்தால் ஆறும்வரை ஃபில்டரைத் திறக்காதீர்கள்.

00:00 OE ஏன் வருது
00:45 தேங்கின தண்ணியை வடிப்பது
02:10 ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்வது
04:05 சுத்தம் பண்ணியும் OE வந்தால்

தாம்பரம், குரோம்பேட்டை பகுதியில் நேரில் வருவோம். பார்க்கும் கட்டணமும் கடை நம்பரும் கீழே.
```

முதல் வரியைக் கவனியுங்கள். ‘வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்று தொடங்கவில்லை. தேடல் முடிவிலும் வீடியோவுக்குக் கீழேயும் மடிக்காமல் தெரிவது அந்த முதல் ஓரிரு வரிதான். டைட்டிலில் இருந்த சொற்களே அங்கே ஒரு வாக்கியமாக வருகின்றன, அதோடு டைட்டிலில் இடமில்லாத ‘drain filter’ என்ற சொல்லும் சேர்கிறது. மனிதர் பேசுகிற வாக்கியத்துக்குள் வந்தால் அது விளக்கம். அதே சொல்லை ஏழு முறை காற்புள்ளி போட்டு அடுக்கினால் ஸ்பேம்.

இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொல்லிப் பல கடைக்காரர்கள் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ‘கம்பெனி இல்லைன்னு நாமே சொன்னா யார் கூப்பிடுவாங்க?’ என்பார்கள். கூப்பிடுவார்கள். வாரண்டி முடிந்த மெஷின்காரர், கம்பெனிக்கு போன் போட்டு ஒரு வாரம் காத்திருந்து அலுத்தவர், வெளி மெக்கானிக்கைத் தெரிந்தே தேடுகிறவர் இருக்கிறார்கள். அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். சண்டைக்கு வருகிற அழைப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் குறைந்துவிடும். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் காட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சான்றும் அதுதான். தயவுசெய்து அந்த வரியைக் கடைசியில் புதைக்காதீர்கள்.

00:00 என்று தொடங்கும் நேரக் குறிப்புகள் அழகுக்கு இல்லை. முதல் குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வரிசையாக வர வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடியாவது இருக்க வேண்டும். அப்போதுதான் யூடியூப் அவற்றை அத்தியாயமாக எடுத்துக்கொள்ளும். 00:05 என்று தொடங்கினால் ஒன்றுமே வேலை செய்யாது. அத்தியாயத்தின் பெயரும் தேடுகிறவர் மொழியில் இருக்கட்டும். ‘பார்ட் 1, பார்ட் 2’ என்று எழுதி அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

ஊர்ப் பெயர் டைட்டிலில் ஏன் இல்லை என்றால், இது வீட்டிலேயே செய்து பார்க்கிற வீடியோ. தென்காசிக்காரரும் பார்ப்பார், சிங்கப்பூர்க்காரரும் பார்ப்பார். ‘தாம்பரம்’ என்று டைட்டிலில் பார்த்தால் ‘இது நமக்கில்லை’ என்று தாண்டிப் போவார்கள். ஊர்ப் பெயர் டைட்டிலுக்கு வர வேண்டியது வேறு வகை வீடியோவில்: உங்கள் கடையைக் காட்டி, எந்தெந்தப் பொருள் ரிப்பேர் செய்வீர்கள், எவ்வளவு ஆகும் என்று சொல்லும் வீடியோ. அதற்கு ‘தாம்பரத்தில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ரிப்பேர்: பார்க்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு?’ என்று வைக்கலாம். பார்வை நூறுகளில்தான் நிற்கும், ஆனால் பார்க்கிறவர் உங்கள் பையன் வண்டியில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருப்பார். நீங்கள் போகாத ஏரியாவின் பெயரை இங்கேயும் எழுதாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது. ‘வீட்டிலேயே 5 நிமிஷத்தில்’ என்ற சொற்றொடர் தேடலில் நன்றாக இழுக்கும் என்று எல்லா டைட்டிலிலும் ஒட்டுகிறார்கள். ஃபில்டர் சுத்தத்துக்கு ஒட்டினால் பரவாயில்லை. மைக்ரோவேவ் அவனைத் திறக்கும் வீடியோவுக்கும் அதையே ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் 2,000 வோல்ட் அளவில் வேலை செய்வது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். மெக்கானிக்குகள் அதை எப்படிக் காலி செய்வது என்று பழகியவர்கள். வீடியோ பார்த்துத் திறக்கிறவருக்கு அது தெரியாது. இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ வாயு ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. ‘கேஸ் ஃபில்லிங் வீட்டிலேயே’ என்று டைட்டில் வைத்தால் அடைத்த சமையலறையில் யாரோ ஒருவர் அதை முயற்சி செய்வார். மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் கேஸ், ஏசி கேஸ் வீடியோக்களுக்கு டைட்டில் இப்படி இருக்கட்டும்: ‘ஃபிரிட்ஜ் கூலிங் இல்லையா? கேஸ்தான் காரணமா என்று கண்டுபிடிப்பது எப்படி’. தேடுகிறவரின் அறிகுறி அப்படியே இருக்கிறது. வாக்கு மட்டும் ‘நீயே செய்’ என்பதிலிருந்து ‘நீயே தெரிந்துகொள்’ என்று மாறிவிட்டது. தெரிந்துகொண்டவர் மெக்கானிக்கைத்தான் அழைப்பார், அதுவும் உங்களைத்தான்.

சேனலை யார் கையில் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் இன்றே பாருங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டை ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தால் உடனே மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். டைட்டில் எழுத வருகிறவருக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் போய் அவருடைய மெயிலுக்கு எடிட்டர் என்ற அளவில் அனுமதி கொடுத்தால் டைட்டில், டிஸ்கிரிப்ஷனை மாற்ற அது போதும். வேண்டாம் என்றால் அதே இடத்தில் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டு கேட்டே தீருவேன் என்கிறவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்ட வீடியோக்களை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அழித்தால் அதன் பார்வைகளும் கருத்துகளும் சேர்ந்தே போய்விடும், டைட்டிலை மாற்றினால் அவை அப்படியே இருக்கும். ஸ்டூடியோவின் கன்டென்ட் பக்கத்தில் தேடல் கட்டத்தில் ‘customer care’ என்று அடித்து வருகிறவற்றை முதலில் எடுங்கள், பிறகு ‘service center’, பிறகு ‘official’. இந்த வரிசையிலேயே, அதிகம் பார்க்கப்படுவதிலிருந்து தொடங்கி மாற்றுங்கள். டைட்டிலை மாற்றும்போதே டிஸ்கிரிப்ஷனின் இரண்டாவது வரியையும் தம்ப்நெயிலில் இருக்கும் லோகோவையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டைட்டில் மட்டும் திருந்தி, தம்ப்நெயில் இன்னும் கம்பெனி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தால் புகார் அதன் மேலேயே வரும். கம்பெனியிடமிருந்தோ யூடியூபிடமிருந்தோ ஏற்கெனவே மெயில் வந்திருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் அந்த மெயிலையும் அப்போது இருந்த டைட்டிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூடியூபில் இருந்து வந்ததாகச் சொல்லும் மெயிலில் இருக்கும் லிங்கையோ இணைப்புக் கோப்பையோ தொடாதீர்கள், சேனல் திருடுகிறவர்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் ஸ்டூடியோவின் முகப்பிலேயே தெரியும். பதில் அளிப்பதையும் அங்கிருந்தே செய்யுங்கள்.